நூறு முட்டையின் சராசரியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: “முட்டை எடை பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். முதலில் ஒரு ஷெட்டில் 25 முட்டை நிறுத்தேன்: சராசரி 53.1 கிராம், திட்ட விலக்கம் 4.0, திட்டப் பிழை 0.8. அப்புறம் 4 ஷெட்டில் 25 வீதம் 100 முட்டை: சராசரி 52.6, திட்ட விலக்கம் 4.1, திட்டப் பிழை 0.41. உழைப்பு 4 மடங்கு. ஒன்று அசையவே இல்லை, இன்னொன்று பாதிதான் குறைந்தது. கணக்குத் தப்பா? ரிப்போர்ட்டில் ± போட்டு எதை எழுதுவது?”

கணக்கில் தப்பில்லை. திட்ட விலக்கம் அசையாமல் நின்றதும் திட்டப் பிழை பாதியானதும் இரண்டுமே நடக்க வேண்டியவைதான். திட்ட விலக்கம் முட்டைகளைப் பற்றிப் பேசுகிறது. ஒரு முட்டையைக் கையில் எடுத்தால் அது சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளியிருக்கும் என்பதுதான் அது. நீங்கள் 25 நிறுத்தாலும் 2,500 நிறுத்தாலும் கோழி தன் பாட்டுக்குச் சிறிதும் பெரிதுமாகத்தான் இடும். அதனால் அந்த எண் 4 கிராமை ஒட்டியே நிற்கும். மாதிரி பெரிதாகும்போது அந்த 4 என்பது இன்னும் துல்லியமாகத் தெரியவரும், ஆனால் குறையாது. திட்டப் பிழை பேசுவது உங்கள் சராசரியைப் பற்றி. நீங்கள் கண்டுபிடித்த சராசரி, எல்லா முட்டைகளையும் நிறுத்திருந்தால் கிடைத்திருக்கும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கக்கூடும் என்பதற்கான அளவு அது.

கல்லூரியில் பல வருடம் இந்தப் பாடத்தை எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: கையில் இருப்பது ஒரே ஒரு சராசரி, அது எவ்வளவு ஆடும் என்று எப்படித் தெரியும்? அதே ஷெட்டில் உங்களைப் போலவே இன்னும் நிறையப் பேர் தனித்தனியாக 25 முட்டை எடுத்து நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 52.4 வரும், இன்னொருவருக்கு 53.9 வரும். அந்தச் சராசரிகளை மட்டும் வரிசையாக எழுதி அவற்றுக்கு ஒரு திட்ட விலக்கம் கண்டால், அதுதான் திட்டப் பிழை. அத்தனை பேரை நாம் கூட்டிவர வேண்டியதில்லை. முட்டைக்கு முட்டை உள்ள வேறுபாடு தெரிந்தால் சராசரிக்குச் சராசரி எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம்: 4.0-ஐ √25-ஆல் வகுத்தால் 0.8.

ஏன் √25, ஏன் 25 இல்லை என்பதுதான் உங்கள் மனக்குறை. இதைச் சூத்திரமாக ஏற்றுக்கொள்வதைவிட ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது நல்லது. எண்ணுவதற்கு வசதியாக, நம் கோழிகள் இரண்டே வகை முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம்: ஒன்று சராசரியைவிட 4 கிராம் கூட, மற்றொன்று 4 கிராம் குறைவு, இரண்டுக்கும் சம வாய்ப்பு. இதன் திட்ட விலக்கம் சரியாக 4. ஒரு முட்டை மட்டும் எடுத்தால் நம் பிழை எப்போதும் 4 கிராம்தான், கூடவோ குறையவோ. இரண்டு எடுத்தால் நான்கு விதமாக அமையலாம்: இரண்டும் கூட, முதலாவது கூட இரண்டாவது குறைவு, அதன் தலைகீழ், இரண்டும் குறைவு. சராசரியின் பிழை முறையே +4, 0, 0, −4. பாதி வாய்ப்புகளில் பிழை தானாகவே அடிபட்டுப் போகிறது.

நான்கு முட்டைக்கு 16 அமைப்புகள். நான்கும் கூட என்பது அதில் ஒன்றே ஒன்று, பிழை +4. மூன்று கூட, ஒன்று குறைவு என்பது நான்கு விதம், பிழை +2. இரண்டுக்கு இரண்டு என்பது ஆறு விதம், பிழை 0. குறைவுப் பக்கமும் இதே மாதிரி நான்கு, ஒன்று. இப்போது திட்ட விலக்கத்தைக் காணும் அதே முறையில் போகலாம்: பிழைகளை வர்க்கம் செய்து சராசரி எடுங்கள். இரண்டு அமைப்புகளில் 16, எட்டு அமைப்புகளில் 4, ஆறில் 0, மொத்தம் 64. அதை 16-ஆல் வகுத்தால் 4, வர்க்கமூலம் 2. ஆக, ஒரு முட்டையில் 4 கிராமாக இருந்த பிழை, நான்கு முட்டையில் 2 கிராம். உங்களுக்கு நடந்ததும் இதுவேதான்: நாலு மடங்கு முட்டை, பாதிப் பிழை. பெரிய மாதிரி நிலையாக இருப்பதன் காரணத்தையும் இந்த எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். சராசரி தூரமாகப் போக வேண்டுமென்றால் முட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும், அப்படிச் சாயும் வழிகள் மிகச் சில. 25 முட்டையும் கூடவே அமைய 3 கோடியே 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். நடுவில் விழுவதற்கோ லட்சக்கணக்கான வழிகள்.

நிஜ முட்டைகள் இரண்டு வகையாக வருவதில்லை, ஆனாலும் விடை மாறாது. இரண்டு முட்டைகளின் விலகலை a, b என்று வைத்தால், மொத்த விலகலின் வர்க்கம் a² + b² + 2ab. ஒரு முட்டையின் எடை அடுத்த முட்டையைப் பற்றி எதுவும் சொல்லாது என்றால், ab என்பது கூட்டலாகவும் கழித்தலாகவும் வந்து சராசரியில் பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது வர்க்கங்கள் மட்டும். அதனால் கூடிக்கொண்டே போவது விலகல் அல்ல, விலகலின் வர்க்கம். 100 முட்டையின் மொத்த எடைக்கு அது 100 × 16 = 1,600; வர்க்கமூலம் எடுத்தால் 40 கிராம். சராசரிக்காக 100-ஆல் வகுத்தால் 0.4. வர்க்கமூலம் நுழைந்த இடம் இதுதான். முட்டை எடைகள் மணி வடிவத்தில் பரவியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு முட்டை இன்னொன்றைச் சாராமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இந்த நிபந்தனைக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

அந்த 40 கிராமை இன்னொரு முறை பாருங்கள். முட்டை கூடக் கூட மொத்தத்தில் உள்ள பிழை கூடத்தான் செய்கிறது: ஒரு முட்டையில் 4, நூறில் 40. “முதலில் கனமான முட்டைகள் வந்துவிட்டன, இனி லேசானவை வந்து ஈடுகட்டும்” என்று நினைப்பது தவறு. பின்னால் வரும் முட்டைக்கு முன்னால் வந்தது தெரியாது, ஈடுகட்ட வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. பிழை 10 மடங்கு கூடுகிறது, வகுக்கும் எண் 100 மடங்கு கூடுகிறது. அதனால்தான் சராசரி அமைதியாகிறது.

மொத்தத்தின் பிழையும் எண்ணிக்கையோடு அதே மடங்கில் கூடும் என்று நினைத்து நூற்றாண்டுக்கணக்கில் ஒரு அரசாங்கமே ஏமாறக் காத்திருந்தது. லண்டன் நாணயச் சாலையில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு சோதனை உண்டு. அச்சடிக்கும் காசுகளிலிருந்து அவ்வப்போது சிலவற்றை எடுத்து ‘பிக்ஸ்’ என்ற பெட்டியில் போட்டு வைப்பார்கள். பிறகு ஒருநாள் நடுவர்கள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து காசுகளைக் கூட்டாக நிறுப்பார்கள். கைவேலையில் காசுக்குக் காசு எடை கொஞ்சம் மாறும் என்பதால் ஒரு அனுமதி அளவு வைத்திருந்தார்கள். புள்ளியியல் வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ஸ்டிக்லர் இதில் சுட்டிக்காட்டியது, அந்த அனுமதியையும் எடைக்குத் தக்கபடி பெருக்கிக்கொண்டே போனார்கள் என்பதைத்தான். ஒரு காசுக்கு ஒரு பங்கு என்றால் 2,500 காசுக்கு 2,500 பங்கு. காசுகளின் தற்செயல் வேறுபாட்டால் மட்டும் வரக்கூடியதோ √2,500, அதாவது 50 பங்குதான். சோதனை தேவையைவிட 50 மடங்கு தளர்ந்து கிடந்தது. நாணயச் சாலைத் தலைவர் ஒவ்வொரு காசையும் அனுமதிக்குள் ஒரு துளி குறைத்தே அடித்தாலும் பெட்டி காட்டிக்கொடுத்திருக்காது. வர்க்கமூல விதியைத் தெளிவாக எழுதி வைத்தவர் கணித அறிஞர் ஆபிரகாம் டி மாவ்ர். 1733-இல் அவர் அச்சிட்ட சிறு கட்டுரையில் அது இருக்கிறது.

இதே விதியின் மறுபக்கம் சின்ன மாதிரிகள் செய்யும் குறும்பு. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் விகிதம் மிகக் குறைவாக உள்ள மாவட்டங்களைப் பட்டியல் போட்டால், ஆள் குறைந்த கிராமப்புற மாவட்டங்களே மேலே வரும். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு என்று உடனே காரணம் தோன்றும். மிக அதிகமாக உள்ள மாவட்டங்களைப் போட்டுப் பார்த்தால் அங்கேயும் ஆள் குறைந்த கிராமப்புற மாவட்டங்களே நிற்கும். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007-இல் இதை விளக்கி எழுதினார். ஆள் குறைவு என்றால் விகிதம் நிறைய ஆடும், ஆடுவதால் இரண்டு ஓரங்களிலும் போய் விழும். அதற்கு மேல் காற்றையும் சாப்பாட்டையும் இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் ஷெட்களை ஒப்பிட்டால், எண்ணிக்கை சமமாக இல்லாத ஷெட்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள். முதலிடத்திலும் கடைசியிலும் கொஞ்சம் முட்டை நிறுத்த ஷெட்கள்தான் வரும்.

சரி, எதை எழுதுவது? “இந்தப் பண்ணையின் முட்டைகள் எப்படி இருக்கும்” என்று சொல்ல வந்தால் திட்ட விலக்கம். தட்டில் வைத்து விற்பவருக்கு வேண்டியது அதுதான். “பண்ணையின் சராசரி எடை இவ்வளவு” என்று சொல்ல வந்தால் திட்டப் பிழை, அல்லது அதைவிட நல்லது, 95 சதவீத இடைவெளி, அதாவது இதே முறையில் திரும்பத் திரும்பக் கண்டால் நூற்றுக்குச் சுமார் 95 தடவை உண்மையான சராசரியை உள்ளே பிடித்துவிடும் எல்லை. எதை எழுதினாலும் அது எது என்றும் எத்தனை முட்டை என்றும் சேர்த்தே எழுதுங்கள். வெறுமனே 52.6 ± 0.41 என்றால் படிப்பவர் முட்டைகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைப்பார். (சில ஆய்வுக் கட்டுரைகளில் திட்டப் பிழை போடுவதற்குக் காரணம் அது சின்னதாகத் தெரியும் என்பதே என்று எனக்குப் பலகாலமாகச் சந்தேகம்.) உங்கள் முதல் 25 முட்டைக்கு இடைவெளி காண 0.8-ஐ 2.06-ஆல் பெருக்குங்கள், பாடப்புத்தகத்தின் 1.96-ஆல் அல்ல. முட்டை குறைவு என்பதால் அந்த 4.0-உம் ஒரு மதிப்பீடுதான், அதிலும் ஆட்டம் உண்டு. அதற்கான திருத்தத்தை டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற பெயரில் வெளியிட்டார். கணக்குப் போட்டால் 51.45 முதல் 54.75 கிராம் வரை.

இதுவரை சொன்னது உறுதியானது. உங்கள் இரண்டாவது எண், அந்த 0.41, எனக்கு உறுதியாகப் படவில்லை. அது 100 முட்டையும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே ஷெட்டில் பொதுவாக ஒரே வயதுக் கோழிகள் இருக்கும், ஒரே தீவனம் இருக்கும். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை எடையும் ஏறும். ஆகவே ஒரு ஷெட்டில் ஒரு முட்டை கனமாக இருந்தால் பக்கத்து முட்டையும் கனமாக இருக்க வாய்ப்பு கூடுதல். மேலே பூஜ்யமான அந்த 2ab இப்போது பூஜ்யமாகாது; பிழைகள் அடிபடாமல் ஒரே பக்கம் சேர ஆரம்பிக்கும்.

இது நடந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். 4 ஷெட்டுக்கும் தனித்தனிச் சராசரி எடுங்கள். ஷெட்டுக்கு ஷெட் உண்மையான வேறுபாடு இல்லையென்றால் அந்த நான்கு சராசரிகளும் சுமார் 0.8 கிராம் திட்ட விலக்கத்தோடுதான் சிதற வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் 25 முட்டையின் சராசரி. உங்கள் ஷெட்களின் எண்கள் என்னிடம் இல்லாததால், உதாரணத்துக்கு 50.1, 51.9, 53.4, 55.0 என்று வைக்கிறேன். இவற்றின் சராசரி அதே 52.6. விலகல்கள் −2.5, −0.7, 0.8, 2.4, வர்க்கங்களைக் கூட்டினால் 13.14, மாதிரியிலிருந்து காண்பதால் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 3-ஆல் வகுத்தால் 4.38, வர்க்கமூலம் 2.1. எதிர்பார்த்த 0.8 எங்கே, 2.1 எங்கே. இப்படி வந்தால் ஷெட்கள் நிஜமாகவே வேறுபடுகின்றன. அப்போது உங்கள் மாதிரி 100 முட்டை அல்ல, 4 ஷெட். திட்டப் பிழை 2.1-ஐ √4-ஆல் வகுத்து 1.05. 0.41 அல்ல. இவ்வளவு பாடுபட்டு நிறுத்த 100 முட்டை, பண்ணை முழுவதிலிருந்தும் தாறுமாறாகப் பொறுக்கிய 15 முட்டை அளவுக்குத்தான் செய்தி தந்திருக்கிறது. நான்கே எண்கள் என்பதால் 95 சதவீத இடைவெளிக்குப் பெருக்க வேண்டியதும் 2 அல்ல, 3.18. அதாவது 52.6-க்கு இருபுறமும் 3.3 கிராம்.

இந்த முடிவிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பண்ணையில் நிறைய ஷெட்கள் இருந்து அவற்றிலிருந்து 4-ஐ எடுத்திருந்தால்தான் 1.05. பண்ணையில் மொத்தமே 4 ஷெட்தான், நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு முட்டை வருகிறது என்றால், எந்த ஷெட்டையும் நீங்கள் விட்டுவிடவில்லை. ஷெட்டுக்கு ஷெட் உள்ள வேறுபாடு அப்போது பிழையே ஆகாது. ஷெட்டுக்கு உள்ளே முட்டைக்கு முட்டை உள்ள வேறுபாடு மட்டும்தான் பிழையைத் தரும். என் உதாரண எண்களில் அது சுமார் 3.7 கிராம், ஆகவே திட்டப் பிழை 0.37. ஒரே 100 முட்டை, ஒரே எடைகள், யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 0.37-உம் ஆகலாம், 1.05-உம் ஆகலாம். முதல் 25 முட்டைக்கும் இப்படித்தான்: அந்த 0.8 அந்த ஒரு ஷெட்டின் சராசரிக்குச் சரி, பண்ணையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. கணினி எதுவும் கேட்காமல் எண்ணைத் தந்துவிடும், இதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

திட்டப் பிழைக்கு எட்டவே எட்டாத இன்னொரு பிழையும் உண்டு. தராசு ஒவ்வொரு முட்டைக்கும் 1 கிராம் கூடக் காட்டினால், 10,000 முட்டை நிறுத்து 0.04 என்று பெருமையாக எழுதலாம், சராசரி அப்போதும் 1 கிராம் தப்பாகவே இருக்கும். எடை தெரிந்த கல்லை நிறுவலின் முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். முட்டை ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் போய் எடை குறைந்துகொண்டே இருப்பதால், ஒரு ஷெட்டில் காலையில் எடுத்ததையும் இன்னொரு ஷெட்டில் சில நாள் கிடந்ததையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். பெரியவற்றைத் தனியாகப் பிரித்த பிறகு மிச்சத்திலிருந்து எடுத்திருந்தாலும் இதே கதைதான்.

இன்னும் நிறுக்க நேரம் இருக்கிறதென்றால் அதை எங்கே செலவழிப்பது என்பதற்கும் இந்தக் கணக்கு பதில் சொல்லும். ஷெட் வேறுபாடே இல்லாத நிலையில் இருபுறமும் அரை கிராம் இடைவெளி வேண்டுமென்றால் (1.96 × 4 ÷ 0.5)², கிட்டத்தட்ட 246 முட்டை. கால் கிராம் வேண்டுமென்றால் அதற்கும் நாலு மடங்கு. ஆனால் ஷெட்கள் என் உதாரணத்தில் உள்ளதுபோல வேறுபட்டால் கதை மாறுகிறது. அதே 4 ஷெட்டில் 100-க்குப் பதில் 400 முட்டை நிறுத்தாலும் திட்டப் பிழை 1.05-இலிருந்து 1.0-க்கு வரும், அவ்வளவே. அதே 100 முட்டையை 10 ஷெட்டில் 10 வீதம் எடுத்தால் 0.72. இரண்டாவதில் முட்டை கூடவில்லை, நடை மட்டும்தான் கூடுதல். பண்ணையில் மொத்தம் எத்தனை ஷெட், உங்கள் நான்கு ஷெட்டின் தனிச் சராசரிகள் என்ன, கோழிகளின் வயது என்ன என்று எழுதினால் உங்கள் நிஜ எண்களிலேயே போட்டுக் காட்டுகிறேன்.